தேர்வு நேரத்து விளம்பரம்: கல்லூரிப் பக்கத்துத் தீனிக் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரி வாசலுக்கு எதிரே சில வருஷம் கடை நடத்தியவன் நான். இப்போது மற்ற கடைக்காரர்களுக்குப் பலகை எழுதிக் கொடுக்கிறேன், சலுகை போட யோசனை சொல்கிறேன். தேர்வு அட்டவணை ஒட்டிய மறுநாளிலிருந்து வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

"இங்க சாப்பிட்டா பாஸ்"னு சும்மா விளையாட்டுக்குத்தான் போடுறோம். அதை யாரு நெசம்னு நம்பப் போறா?

காலையில் யாரும் நம்ப மாட்டார்கள். சிரித்துவிட்டுப் போவார்கள், ஒன்றிரண்டு பேர் படம்கூட எடுப்பார்கள். சிக்கல் மதியம்தான் வரும். பலகை நாள் முழுக்க அதே இடத்தில் நிற்கிறது, படிக்கிறவர் மனசு மட்டும் மூன்று மணி நேரத்தில் மாறிவிடுகிறது.

என் கடையிலேயே நடந்தது. "நம்ம டீ குடிச்சா நூத்துக்கு நூறு" என்று சாக்பீஸில் பெரிதாக எழுதி வைத்திருந்தேன். மதியம் தேர்வு விட்டதும் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி பையை நெஞ்சோடு அணைத்தபடி பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள், எதுவும் கேட்கவில்லை. கூட வந்தவள்தான் என் பக்கத்தில் வந்து, "அண்ணா, அந்தப் போர்டைக் கொஞ்சம் திருப்பி வைக்கிறீங்களா?" என்று மெதுவாகச் சொன்னாள். திருப்பி வைத்தேன். இருவருக்கும் டீ கொடுத்தேன். அன்று சாயங்காலமே அந்த வரியை அழித்துவிட்டேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தேர்வு நேரத்தில் பயம் அதிகம். போன தேர்வுக்குப் போட்ட அதே சட்டை, அதே பேனா என்று சிலர் எதையாவது பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பட்டியலில் நம் பலகாரமும் சேர்ந்தால், "அது தீர்ந்துபோச்சு தம்பி" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற ஒரு வார்த்தை அவனுக்குக் கெட்ட சகுனமாகிவிடும். முகம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். விளையாட்டாக எழுதிய வரிதான், ஆனால் பயந்திருக்கிறவனிடம் அது விளையாட்டாகப் போய்ச் சேரவில்லை.

அப்போ எது விளையாட்டு, எது வாக்குறுதின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது.

நான் இரண்டு சோதனை வைத்திருக்கிறேன். எழுதின வரியை எடுத்து, அதில் சொல்கிற காரியம் யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். டீயின் சூடு, கொடுக்கிற அளவு, உட்கார பெஞ்சு, சீக்கிரம் கொடுப்பது எல்லாம் நம் கையில் இருக்கிறது. மார்க், ஞாபகம், பேப்பர் எளிதாக வருவது எதுவும் நம் கையில் இல்லை. இரண்டாவதாக, பேப்பரைச் சரியாக எழுதாமல் வெளியே வருகிற ஒரு பையனாக உங்களை நினைத்துக்கொண்டு அதே வரியை இன்னொரு முறை படியுங்கள். சுருக்கென்று குத்தினால் வேண்டாம்.

சில வரிகளை வைத்துப் பார்ப்போம். "கேள்வித்தாள் எப்படி வரும்னு தெரியாது, டீ சூடா வரும்." இது இரண்டிலும் தேறுகிறது. தெரியாததைத் தெரியாது என்கிறது, கொடுக்க முடிந்ததைக் கொடுக்கிறேன் என்கிறது. "ஒரு கடி, ரெண்டு மார்க்" என்பது காதுக்கு நன்றாக இருக்கிறது, தாளம் இருக்கிறது, ஆனால் முதல் சோதனையிலேயே விழுந்துவிடும். "படிச்சது மறக்காது" அதைவிட மோசம், கேட்டால் உண்மை மாதிரியே ஒலிக்கும். "மூணு மணி நேரம் எழுதின கைக்கு ஒரு சூடான கிளாஸ்" என்பது எனக்கு மிகவும் பிடித்த வரி. நன்றாக எழுதினவனும் மோசமாக எழுதினவனும் மூன்று மணி நேரம் எழுதியிருக்கிறார்கள், இருவர் கையும் வலிக்கிறது.

நடுவில் நிற்கிற வரிகளும் உண்டு. "கவலை வேண்டாம், நாங்க இருக்கோம்" என்று ஒருவர் எழுதி அனுப்பினார். நல்ல மனசோடு எழுதியதுதான். ஆனால் நாம் இருந்து அவனுக்கு என்ன செய்யப் போகிறோம் என்பது அதில் இல்லை. "வாங்க, நிழல்ல பெஞ்சு இருக்கு, தண்ணி இருக்கு" என்று மாற்றச் சொன்னேன். அதே அக்கறைதான், இப்போது கையால் தொட்டுப் பார்க்கலாம்.

வரி எதுவும் எழுதல. பலகாரத்துக்குப் பேரு மட்டும் "டாப்பர் காம்போ"ன்னு வெச்சா?

பெயரும் ஒரு வரிதான். "டாப்பர்", "சென்டம்", "டிஸ்டிங்ஷன்" எல்லாம் தட்டில் இல்லாத ஒன்றைத் தட்டோடு சேர்த்து விற்கின்றன. "பெல் அடிச்சாச்சு" என்று வையுங்கள், "கடைசி பெஞ்ச்" என்று வையுங்கள், "இடைவேளை" என்று வையுங்கள். கல்லூரி வாசனையும் இருக்கும், யாரையும் வரிசைப்படுத்தவும் செய்யாது. போன வருஷம் முதலில் வந்த மாணவி நம் கடை வாடிக்கை என்று படம் ஒட்டுவதும் இதே ரகம்தான். அவள் கெட்டிக்காரத்தனம் அவளுடையது, நம் அடுப்பிலிருந்து வந்ததில்லை.

சரி, என்னதான் எழுதறது? ஒரு முழு மாதிரி குடுங்களேன்.

கேள்வித்தாளையே விலைப்பட்டியலாக்கிவிடுங்கள். மூன்று வாரமாகக் கேள்வித்தாள் மொழியிலேயே வாழ்கிற பிள்ளைகளுக்கு அது உடனே பிடிபடும். அந்த மொழியில் இருக்கிற விறைப்பே பாதி சிரிப்பைத் தந்துவிடும். நான் எழுதிக் கொடுத்த ஒன்று இப்படி இருந்தது:

நேரம்: பசி தீரும் வரை

பகுதி அ. ஒரே சொல்லில் விடையளி: டீயா, காபியா? (இரண்டும் சரியான விடையே.)

பகுதி ஆ. பின்வருவனவற்றுள் எவையேனும் இரண்டைத் தின்க.

பகுதி இ. விரிவாகத் தின்க.

கோடிட்ட இடத்தை நிரப்புக: வயிறு.

குறிப்பு: கூடுதல் தாள் கேட்டால் தரப்படும் (கை துடைக்க).

பாடத்திட்டத்துக்கு வெளியே எதுவும் இல்லை. பலகையில் இருப்பதெல்லாம் அடுப்பில் இருக்கிறது.

பகுதி ஆவில் சின்னப் பலகாரங்கள், பகுதி இயில் வயிறு நிறைகிற ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே விலையை வெறும் விலையாகவே எழுதுங்கள். இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். கேள்வித்தாளில் வலப்பக்கம் மதிப்பெண் போடுகிற இடத்தில் விலையைப் போட்டு, "10 மார்க்" என்று எழுதிவிடுவார்கள். காசு கொடுத்து மார்க் வாங்குகிற மாதிரி ஆகிவிடும், விலையும் புரியாமல் போகும். விலைப்பட்டியலில் குழப்பம் வந்தால் சண்டை கல்லாவில்தான் நடக்கும்.

கடைசி வரி உங்களைக் கட்டிப்போடுகிற வரி. ஒரு பலகாரம் தீர்ந்தால் அந்த நிமிஷமே பலகையில் அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதுவே பொய்யாகிவிடும். அதனால்தான் அச்சடித்த பேனரைவிடச் சாக்பீஸ் பலகை நல்லது என்பேன். தினம் ஒரு வரி மாற்றலாம். கணக்குத் தேர்வு நாளில் "படிநிலைகள் காட்டத் தேவையில்லை, தட்டைக் காட்டினால் போதும்" என்று போடலாம். மொழித் தேர்வு நாளில் "பிழை திருத்துக: எனக்குப் பசியில்லை" என்று போடலாம்.

எழுதி முடித்ததும் சாலைக்கு அந்தப் பக்கம் போய், கல்லூரி வாசலில் நின்று படித்துப் பாருங்கள். அங்கிருந்து தலைப்பும் முதல் இரண்டு வரியும் தெரிந்தால் போதும். மீதியை வரிசையில் நிற்கும்போது படித்துக்கொள்வார்கள்.

அடியில சின்ன எழுத்துல "இது நகைச்சுவைக்கு மட்டும்"னு போட்டுட்டா எதை வேணா எழுதலாம்ல?

முடியாது. பெரிய எழுத்து சொன்னதைச் சின்ன எழுத்து திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அப்படி ஒரு அடிக்குறிப்பு தேவை என்று உங்களுக்கே தோன்றினால், மேலே இருக்கிற வரிதான் சரியில்லை. அதை மாற்றுங்கள்.

பருப்பு, கொட்டையெல்லாம் மூளைக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. "ஞாபகசக்தி பாக்கெட்"னு விக்கலாமா?

வேண்டாம். இது விளையாட்டு வரிகளைவிட ஆபத்தானது, ஏனென்றால் விளையாட்டாகவே இல்லை. உணவு உடம்புக்கு இன்னது செய்யும் என்று விளம்பரத்தில் சொன்னால் அதற்குச் சான்று காட்ட வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், தேர்வுக்கு அரை மணி நேரம் முன்னால் தின்கிற ஒரு கைப்பிடி கொட்டை படிக்காத பாடத்தைக் கொண்டுவந்து சேர்க்காது.

உள்ளதைச் சொல்ல நிறைய இருக்கிறது. "வறுத்தது, உப்பு குறைவு, சட்டைப் பையில் அடங்கும்." இவ்வளவு போதும். தேர்வுக்கு ஓடுகிறவனுக்குக் கையில் எண்ணெய் ஒட்டாத தீனி என்பதே பெரிய விஷயம். விடைத்தாளில் கறை படாது. அந்த ஒன்றைச் சொல்லியே விற்கலாம்: "கையும் சுத்தம், தாளும் சுத்தம்." இன்னொன்றையும் மறக்காமல் எழுதுங்கள். நிலக்கடலையோ வேறு கொட்டையோ சேர்ந்திருந்தால் அது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பலகையில் இருக்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்கள் அவசரத்தில் கேட்காமல் வாங்கிவிடுவார்கள்.

எவ்வளவு தள்ளுபடி போடலாம்? பக்கத்துக் கடை இருபது சதவீதம் போட்டிருக்கான்.

அவன் போட்டான் என்று நீங்களும் போடுவதற்கு முன்னால் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு தட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். மாவு, எண்ணெய், எரிபொருள், காகிதம் எல்லாம் சேர்த்துச் செலவு 60. கையில் நிற்பது 40. சாதாரண நாளில் 70 தட்டு போனால் நிற்பது 2,800.

இருபது சதவீதம் குறைத்தால் விலை 80, செலவு அதே 60, நிற்பது 20. பழைய 2,800 வர வேண்டுமானால் 140 தட்டு விற்க வேண்டும். அதாவது சரியாக இரண்டு மடங்கு. இருபது சதவீதம் என்று சொல்லும்போது சின்னதாகத் தெரிகிறது, நம் லாபத்தில் அது பாதி.

இப்போது விலையைக் குறைக்காமல், தட்டோடு 5 செலவாகிற ஒரு சின்னப் பொட்டலத்தைச் சேர்த்துக் கொடுங்கள். நிற்பது 35. 2,800 வருவதற்கு 80 தட்டு போதும். வழக்கத்தைவிடப் பத்துத் தட்டுதான் அதிகம், தேர்வு நாளில் அது வந்துவிடும். வாங்குகிறவனுக்கும் கையில் ஒன்று கூடுதலாக வருவது, காசு குறைவதைவிடச் சந்தோஷமாக இருக்கும். அதற்குப் பெயர் "சாய்ஸ்ல விட்டது". நான் சொல்லிக்கொடுத்த பெயர்களில் பிள்ளைகள் வாயில் அதிகம் புழங்கியது அதுதான்.

உங்கள் கடைக் கணக்கு வேறாக இருக்கும். உங்கள் செலவை நீங்களே ஒரு நாள் உட்கார்ந்து தாளில் எழுதிப் பாருங்கள். பல கடைகளில் எண்ணெயும் எரிபொருளும் அந்தக் கணக்கில் விட்டுப்போகும்.

மார்க் ஷீட் காட்டினா சலுகை, இல்லேன்னா "பெயில் ஆனா காசு வாபஸ்"... இந்த மாதிரி ஏதாவது?

இரண்டும் வேண்டாம். மார்க் காட்டினால் சலுகை என்றால், காட்ட முடியாதவன் நண்பர்கள் முன்னால் முழுக் காசு கொடுக்க வேண்டும். அடுத்த முறை அந்தக் கூட்டமே வேறு கடைக்குப் போகும், ஏனென்றால் நண்பனை விட்டுவிட்டு வர மாட்டார்கள். காசு வாபஸ் என்பது வாக்குறுதியையே தலைகீழாக்கியது. சாப்பிட்டால் பாஸ் ஆவாய், ஆகாவிட்டால் எங்கள் பொறுப்பு என்கிறது. மேலும், தோற்ற ஒருவன் இரண்டு மாதம் கழித்து நம் கடையில் வந்து நின்று "நான் தோத்துட்டேன், காசு குடுங்க" என்று கேட்க வேண்டியிருக்கும். எந்தப் பிள்ளையையும் அந்த நிலைக்குக் கொண்டுவரக் கூடாது.

சலுகையை எழுதியதோடு கட்டுங்கள், எழுதிய தரத்தோடு கட்டாதீர்கள். தேர்வு அறைக்குப் போய்விட்டு வந்தாயா, வா, பொட்டலம் உனக்கு. அவ்வளவுதான்.

அப்போ ஹால் டிக்கெட்டைக் காட்டினா குடுக்கலாமா? போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டா ஒருத்தரே ரெண்டு தடவை வாங்க மாட்டாங்க.

காட்டச் சொல்லலாம். படம் எடுக்காதீர்கள். அதில் பெயரும் பதிவெண்ணும் முகமும் இருக்கிறது, நம் போனில் அது இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கையிலும் வாங்க வேண்டாம். எண்ணெய்க் கை பட்டு, அல்லது மேசையில் மறந்து வைத்துப்போய், அடுத்த தேர்வு நாள் காலையில் அந்தப் பிள்ளை அலைவதை நினைத்துப் பாருங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் போதும்.

இரண்டாவது தடவை வருகிறவர்களைத் தடுக்க வேண்டுமானால், ஒரு சின்ன அட்டை அச்சடித்து ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு ஓட்டை போடுங்கள். அட்டையின் தலைப்பில் "எழுதியாச்சு" என்று மட்டும் இருக்கட்டும். ஐந்து ஓட்டை விழுந்தால் ஒரு டீ. ஓரிருவர் ஏமாற்றத்தான் செய்வார்கள். ஒரு பொட்டலம் 5 செலவு, அதற்காக வரிசையை நிறுத்தி விசாரணை வைத்தால் நஷ்டம் அதைவிடப் பெரிது.

விளம்பரம் நல்லாத்தான் வேலை செஞ்சுது. ஆனா தேர்வு விட்டதும் ஒரே நேரத்துல குமிஞ்சுட்டாங்க, பாதிப் பேர் திரும்பிப் போயிட்டாங்க.

இது விளம்பரத்தின் குறை அல்ல, கையின் வேகக் குறை. தேர்வு நாளில் வியாபாரம் நாள் முழுக்கப் பரவி வராது. தேர்வுக்கு முன்னால் கொஞ்சம், விட்டதும் ஒரு இருபது நிமிஷம், பிறகு பேருந்துக்கும் விடுதிக்கும் கலைந்துபோவார்கள். அந்த இருபது நிமிஷத்தில் எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும் என்பதுதான் கணக்கு.

ஒருவருக்கு நாற்பது விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்டு, எடுத்து, மடித்து, காசு வாங்கி, சில்லறை கொடுத்து. இருபது நிமிஷம் என்றால் 1,200 விநாடி, முப்பது பேர்தான். மேலே சொன்ன 80 தட்டு கனவிலும் போகாது. அதையே பதினைந்து விநாடியாகக் குறைத்தால் 80 பேர். என்ன செய்ய வேண்டும் என்றால், அன்றைக்கு மட்டும் பட்டியலை நான்காகக் குறைத்து, காசு வாங்க ஒருவரைத் தனியாக நிறுத்தி, சில்லறை தேவைப்படாத விலையாக வைத்து, பொட்டலங்களை முன்கூட்டியே கட்டி அடுக்க வேண்டும்.

முன்கூட்டி என்றால் காலையிலேயே என்று அர்த்தமில்லை. சூடான பொரியலைக் காகிதத்தில் கட்டி வாயை மூடினால் அதன் ஆவியிலேயே பத்து நிமிஷத்தில் நமுத்துவிடும். வாயைத் திறந்தபடி அடுக்குங்கள். சமைத்த உணவை வெளிச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல் வையுங்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்கிற விதி. தேர்வு வாரத்தில் அதைக் கூடுதல் கண்டிப்போடு பிடித்துக்கொள்ள வேண்டும். நம் தீனியால் ஒரு பிள்ளைக்கு வயிறு கெட்டால் அவனுக்கு அடுத்த தேர்வே போய்விடும்.

எப்போது எண்ணெய் காய வைப்பது என்று கேட்பீர்கள். சீக்கிரம் எழுதி முடித்த இரண்டு மூன்று பேர் அரை மணி நேரம் முன்னாலேயே வெளியே வருவார்கள். அவர்கள் வாசலில் தெரிந்ததும் அடுப்பைக் கூட்டுங்கள். முதல் ஈடு மணி அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால் தயாராக இருக்கட்டும், இரண்டாவது ஈடு எண்ணெயில் கிடக்கட்டும். எந்த நாளில் எந்தத் துறைக்குத் தேர்வு, எத்தனை பேர் என்று அட்டவணையை முன்பே குறித்து வைத்துக்கொண்டால் மாவு வீணாகாது. இரண்டு தேர்வுக்கு நடுவில் விடுமுறை வருகிற நாட்களில் வாசல் காலியாக இருக்கும். அன்றைக்குச் சலுகை போட்டு யாரையும் வரவழைக்க முடியாது, பாதி மாவு போதும்.

ராத்திரி முழிச்சுப் படிக்கிறவங்களுக்கு "தூக்கம் வராத டீ"ன்னு ஸ்ட்ராங்கா போட்டுக் குடுக்கலாமா?

டீ கொடுங்கள், அந்தப் பெயர் வேண்டாம். காபியிலும் டீயிலும் இருக்கிற காஃபின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். இரவு பத்து மணிக்குக் குடித்தது அதிகாலை மூன்றுக்கும் பாதி இருக்கும். காலையில் தேர்வு எழுதப் போகிறவன் அந்தத் தூக்கத்தை இழந்துவிட்டுத்தான் போவான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 400 மில்லிகிராம் வரை. ஒரு கோப்பை காபியே ஏறத்தாழ 80, 100 மில்லிகிராம் வரும். நாலைந்து கோப்பையில் எல்லை வந்துவிடும்.

அதனால் இரவில் சின்னக் கிளாஸ் வையுங்கள். பலகையில் "பத்து மணிக்கு மேல் பால் மட்டும். நாங்களும் தூங்கணும், நீங்களும் தூங்குங்க" என்று எழுதிய ஒரு கடைக்காரர், பால் விற்பனை கூடியது என்று சொன்னார். நான்காவது டீ கேட்கிறவனிடம் "தம்பி, இது நாலாவது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேண்டும் என்றால் கொடுங்கள், அவன் முடிவு அது.

பொட்டலக் காகிதத்துல முக்கியமான கேள்விகளை அச்சடிச்சுக் குடுத்தா கூட்டம் வருமே?

வரும், கூடவே வம்பும் வரும். அச்சடித்த கேள்வி தேர்வில் வந்துவிட்டால் கேள்வித்தாள் வெளியானது என்ற சந்தேகம் நம் கடையைச் சுற்றும், வராவிட்டால் நம்பிப் படித்தவன் கெட்டான். காகிதம் அச்சடிக்க ஆசையென்றால் குறுக்கெழுத்துப் போடுங்கள், பலகாரப் பெயர்களை வைத்து. கல்லூரியின் பெயரையும் சின்னத்தையும் அனுமதி வாங்காமல் அதில் போட வேண்டாம். ஒலிபெருக்கி வைத்துக் கூவுவதையும் தேர்வு நேரத்தில் நிறுத்திவிடுங்கள், உள்ளே ஜன்னலோரம் எழுதிக்கொண்டிருக்கிறவனுக்குக் கேட்கும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எப்போ வைக்கிறது?

தேர்வுக்கு முந்தைய நாள் மாலை ஒன்று, மறுநாளைய பட்டியலோடு. தேர்வு விடுகிற நேரத்துக்குக் கால் மணி முன்னால் இன்னொன்று. காலையில் வேண்டாம், அப்போது யாரும் தீனியை நினைக்கிற நிலையில் இல்லை. உங்கள் போன் எண்ணைத் தாங்களாகவே கேட்டு வாங்கியவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வையுங்கள்.

அழுதுகிட்டு வர்ற பிள்ளைங்ககிட்ட என்ன பேசறதுன்னே தெரியல. நாம கேலியா போர்டு வெச்சிருக்கோமேன்னு கூச்சமா இருக்கு.

பலகை மேலே சொன்ன இரண்டு சோதனையிலும் தேறியிருந்தால் கூச்சப்பட வேண்டாம், அது அவளைக் குத்தாது. "எப்படி எழுதின?" என்று மட்டும் கேட்காதீர்கள். வாசல் தாண்டியதிலிருந்து அவளை நாலு பேர் அதைக் கேட்டிருப்பார்கள், வீட்டுக்குப் போனால் இன்னும் நாலு பேர் கேட்பார்கள். "சக்கரை எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கேள்வி அது. தண்ணீர் டம்ளரை முன்னால் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனியுங்கள், பெஞ்சில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரட்டும்.

கடையில் வேலைக்கு நிற்கிற பையனுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். பலகையில் நாம் எழுதாத வாக்குறுதியை அவன் வாயால் சொல்லிவிடுவான். "சாப்பிடுக்கா, பாஸாயிடுவ" என்று பாசத்தில் சொல்வான். அதற்குப் பதிலாக "சூடா இருக்கு, பாத்துச் சாப்பிடுங்க" என்று சொல்லப் பழக்குங்கள்.

பலகையை எப்போ எடுக்கறது? ரிசல்ட் வரைக்கும் வைக்கலாமா?

கடைசித் தேர்வு முடிந்த அன்று சாயங்காலமே எடுத்துவிடுங்கள். அன்றைக்கு மட்டும் ஒரு வரி சேர்க்கலாம்: "பேனாவைக் கீழே வைக்கவும். தட்டைக் கையில் எடுக்கவும்." ரிசல்ட் நாளில் பலகையில் வழக்கமான விலைப்பட்டியல் மட்டும் இருக்கட்டும். இனிப்பு வாங்க வருகிறவன் தானாக வருவான், அவன் சொன்னால் வாழ்த்துங்கள். ஓட்டை அட்டையில் இன்னும் ஓட்டை மிச்சமிருந்தால், அடுத்த பருவத்துக்கும் அது செல்லும் என்று அட்டையின் பின்பக்கத்தில் முதலிலேயே அச்சடித்து வையுங்கள். திரும்ப எழுத வருகிறவனுக்கு அது உபயோகப்படும்.